ஸ்டிக்கைத் தள்ளினால் நகர்வது யார்?

"பஸ்ஸில் போனாலே எனக்குக் குமட்டும். ரூமில் கட்டில், பீரோ போக ஒரு நாற்காலி போடத்தான் இடம். குவெஸ்ட் விஆர் ஹெட்செட் வாங்கியிருக்கேன், முதலில் எந்த கேம் ஆடலாம்?"

Puzzling Places-இல் ஆரம்பியுங்கள். அடுத்து Moss, அப்புறம் I Expect You To Die. மூன்றையும் நாற்காலியை விட்டு எழாமல் ஆடலாம்.

பஸ்ஸில் போன் பார்க்கும்போது உடம்பு ஓடுகிறது, கண்ணுக்கு அது தெரிவதில்லை. விஆரில் இது தலைகீழ்: கண் ஓடுகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ நாம் சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறது. இந்த முரண்தான் குமட்டல். அதனால் எந்த கேமை எடுத்தாலும் ஒன்றை மட்டும் பாருங்கள், கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளினால் நகர்வது யார்?

Puzzling Places-இல் யாருமே நகர்வதில்லை. உண்மையான கட்டடங்களின் முப்பரிமாணத் துண்டுகள் உங்களைச் சுற்றி மிதக்கும், கையால் பிடித்து ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். 25 துண்டு உள்ளதில் தொடங்குங்கள். Moss-இல் ஸ்டிக் உண்டு, ஆனால் அது நகர்த்துவது குவில் என்கிற குட்டி எலியை. நீங்கள் பொம்மை வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி மேலேயிருந்து பார்க்கிறீர்கள். எலி சுவரேறிக் குதித்தாலும் உங்கள் பார்வை அசையாது. I Expect You To Die-இல் நீங்கள் உளவாளி, எட்டாத பொருளைக்கூட இருந்த இடத்திலிருந்தே இழுத்துக்கொள்ளலாம் என்பதால் கை பீரோவில் மோதும் பயம் குறைவு.

பீட் சேபர் குமட்டாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் கை இரண்டும் வீசுகிற கேம் அது, உங்கள் ரூமுக்கு வேண்டாம்.

என் முதல் நாள் நண்பர் ரோலர் கோஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டார். இரண்டாவது இறக்கத்திலேயே நெற்றி வியர்த்து வாயில் எச்சில் ஊறியது, பழகிவிடும் என்று விடாமல் இருந்தேன், ராத்திரி வரை தலை சுற்றியது, அதற்கப்புறம் ஒரு வாரம் ஹெட்செட்டைத் தொடவே மனம் வரவில்லை. அந்த எச்சில் ஊறுவதுதான் அறிகுறி, வந்தவுடனே கழற்றிவிடுங்கள். முதல் வாரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும்.

ஆடும் இடத்தின் எல்லையை ஹெட்செட் கேட்கும்போது, இருந்த இடத்திலேயே ஆடுவதற்கான Stationary என்பதைத் தேர்ந்தெடுங்கள், நடந்து ஆடும் முறைக்குச் சுமார் 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியிடம் வேண்டும். போடும் முன் இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுத் திரும்பிப் பாருங்கள், எது படுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நாற்காலியை நகர்த்துங்கள். லென்ஸ் இடைவெளியையும் எழுத்து தெளிவாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள், மங்கலாகத் தெரிந்தால் கண் வலியும் சேர்ந்துகொள்ளும்.

ஸ்டோரில் Comfortable என்று போட்டிருப்பதை மட்டும் இப்போதைக்கு வாங்குங்கள். ஸ்டிக்கால் நீங்களே நடக்கும் கேம்களை, இந்த மூன்றையும் அரை மணி நேரம் குமட்டாமல் ஆட முடிந்த பிறகு பார்க்கலாம்.