வளைவில் மணலைப் பார்த்தால் பைக் அங்கேயே போவது ஏன்?

"திரும்பும்போது மணல் கிடப்பதைப் பார்த்தால் பைக் நேராக அதன்மேலேயே போகிறது. என்ன செய்வது?"

கண் போகும் பக்கம்தான் கையும் போகும். மணலைக் கண்டதும், அதற்கு உள்பக்கம் சுத்தமாக இருக்கும் தார்ச்சாலைக்குப் பார்வையை மாற்றுங்கள். தலையே அந்தப் பக்கம் திரும்பவேண்டும். அப்புறம் உள்பக்க ஹேண்டில்பாரை மெதுவாக முன்னால் தள்ளினால் வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்து மணலைத் தாண்டிவிடும். பதறி முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிமிர்ந்து மணலுக்கே போகும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, சாலையின் இரு ஓரங்களும் சேர்வதுபோலத் தெரியும் புள்ளியைப் பாருங்கள். அது நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, விலகி ஓடினால் விரிகிறது. விரியும்வரை உங்கள் லேனின் வெளிப்பக்கமே இருங்கள். சீக்கிரம் உள்ளே வெட்டினால், வளைவு முடியும் இடத்தில் வண்டி வெளியே ஓடும்.