1/(1+x²) ஏன் 1-இல் நின்றுவிடுகிறது?

வணக்கம்.

1/(1+x²) என்ற சார்பை 1 − x² + x⁴ − x⁶ + … என்று விரிக்கலாம், ஆனால் |x| < 1 வரைதான் அது செல்லும் என்று வகுப்பில் சொன்னார்கள். வரைபடம் போட்டுப் பார்த்தேன். x = 1-இல் முறிவோ துள்ளலோ எதுவும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம். பிறகு ஏன் தொடர் அங்கே நின்றுவிடுகிறது?

முரளி

அன்புள்ள முரளி,

முதலில் எண்களைப் பாருங்கள். x = 1.1 என்றால் x² = 1.21. தொடரின் பகுதிக் கூட்டல்கள் 1, −0.21, 1.2541, −0.5175 என்று போகின்றன. சரியான விடை 1/2.21, அதாவது 0.4525. ஒவ்வொரு உறுப்பு சேரும்போதும் அதிலிருந்து இன்னும் விலகித்தான் போகிறோம். x = 0.9-இல் தொடர் ஒருங்குகிறது, ஆனால் மெதுவாக: பிழை 0.001-க்குக் கீழே வர 30 உறுப்புகள் வேண்டும்.

காரணம் மெய்யச்சின் மேல் இல்லை, அதனால்தான் வரைபடத்தில் தெரியவில்லை. x-க்குப் பதில் கலப்பெண் z-ஐப் போடுங்கள். 1+z² = 0 ஆகும் இடங்கள் i, −i இரண்டும். அங்கே சார்பு முடிவிலிக்கு எகிறுகிறது. மையமான 0-இலிருந்து இரண்டும் சரியாக 1 தொலைவில் இருக்கின்றன.

எங்கோ மேலே i-யில் நடப்பது x = 1.1-ஐ ஏன் பாதிக்க வேண்டும்? அடுக்குத் தொடரின் இயல்பு அப்படி. ∑aₙzⁿ என்ற தொடர் ஏதோ ஒரு z₀-இல் ஒருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருங்கும் தொடரின் உறுப்புகள் சுழியை நோக்கிப் போக வேண்டும். எனவே |aₙz₀ⁿ| எல்லாமே ஏதோ ஒரு M-க்குள் அடங்கும். இப்போது |z| < |z₀| என்றால்

|aₙzⁿ| ≤ M (|z|/|z₀|)ⁿ

வலப்பக்கம் இருப்பது பொது விகிதம் 1-க்குக் குறைவான பெருக்குத் தொடர். ஆகவே z-இலும் தொடர் ஒருங்கியே தீரும். இந்த வாதத்தில் z எந்தத் திசையில் இருக்கிறது என்பது வரவே இல்லை, அதன் தொலைவு மட்டுமே வருகிறது. ஒருங்கும் பகுதி வட்டமாக இருப்பது இதனால்தான். ஏபெல் 1826-இல் ஈருறுப்புத் தொடர் பற்றிய கட்டுரையில் இதை நிறுவினார்.

உங்கள் தொடருக்கு இதைப் பொருத்துங்கள். x = 1.1-இல் அது ஒருங்கினால் |z| < 1.1 முழுவதும் ஒருங்க வேண்டும். i-யும் அதற்குள் வந்துவிடும். அங்கே தொடரின் கூட்டல் தொடர்ச்சியான, வரம்புள்ள மதிப்பாக இருந்தாக வேண்டும். ஆனால் z = ti என்று வைத்து t-ஐ 1-க்கு நெருக்கினால் சார்பு 1/(1−t²), அது எல்லையின்றி வளர்கிறது. முரண்பாடு.

மையத்தை மாற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். x = 1-ஐ மையமாக்கி w = x − 1 என்று எழுதினால் சார்பு 1/(2+2w+w²). கெழுக்களுக்கான விதி 2aₙ + 2aₙ₋₁ + aₙ₋₂ = 0. a₀ = 1/2, a₁ = −1/2 என்று தொடங்கினால் அடுத்தவை 1/4, 0, −1/8, 1/8, −1/16, 0, 1/32 … நான்கு படிக்கு ஒருமுறை கெழு −1/4-ஆல் பெருக்கப்படுகிறது. ஆகவே |w|⁴ < 4, அதாவது |w| < √2 வரை தொடர் ஒருங்கும். 1-இலிருந்து i-க்கு உள்ள தொலைவும் √2-தான்! கெழுக்கள் எல்லாம் மெய்யெண்கள், i எங்கும் எழுதப்படவில்லை, ஆனாலும் அதன் தொலைவு அவற்றுக்குள் பதிந்திருக்கிறது. முன்பு சிதறிய x = 1.1-இல் இப்போது w = 0.1, 0.5 − 0.05 + 0.0025 − 0.0000125 என்ற நான்கே உறுப்புகள் 0.4524875 தருகின்றன. சரியான மதிப்பு 0.4524887.

இங்கே மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆரம் காண aₙ₊₁/aₙ என்ற விகிதத்தை எடுத்தால் இந்தத் தொடரில் சுழியால் வகுக்க நேரிடும். கோஷி–ஹடமார்டு வாய்பாடு அப்படிச் சிக்காது: |aₙ|-இன் n-ஆம் மூலத்துக்கு மேல் எல்லை எடுத்தால் அது 1/R. சுழிக் கெழுக்கள் மேல் எல்லையைத் தொடுவதில்லை.

வட்டத்தின் விளிம்பில் என்ன நடக்கும் என்பதை ஆரம் சொல்லாது. உங்கள் தொடரில் |z| = 1 என்றால் ஒவ்வொரு உறுப்பின் அளவும் 1; விளிம்பில் ஒரு புள்ளியில்கூட அது ஒருங்காது. அதையே உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டால் z − z³/3 + z⁵/5 − … என்ற arctan தொடர் வரும். ஆரம் மாறவில்லை, அதே 1-தான். ஆனால் இது விளிம்பில் i, −i தவிர எல்லாப் புள்ளிகளிலும் ஒருங்குகிறது. z = 1-இல் கிடைப்பது π/4, ஆனால் நத்தை வேகத்தில். கேரளத்து மாதவர் மரபில் விளிம்பை விட்டு உள்ளே வந்து z = 1/√3-ஐயும் எடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு உறுப்பும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குவதால் π விரைவில் கைக்கு வருகிறது.