டெமோ நாளில் நான் பிடுங்கிய சிவப்புக் கம்பி

கேள்வி: நானே முதன்முதலாகச் செய்த ஒரு கருவியைக் கல்லூரி டெமோ நாளில் காட்ட வேண்டும். பேச மூன்று நிமிடம்தான் தருகிறார்கள். என்ன பேசுவது? நீங்கள் பேசியிருந்தால், என்ன பேசினீர்கள் என்று சொல்ல முடியுமா?

பதில்:

பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சு இன்னும் என் நோட்டில் இருக்கிறது, கீழே முழுவதும் தருகிறேன். ஆனால் அது ஏன் அந்த வடிவத்துக்கு வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் செய்தது தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளந்து மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி. நிரலை ஓட்டும் ஒரு ஆர்டுயினோ பலகை, இரண்டு கண்கள் போலத் தெரியும் எச்.சி. எஸ்.ஆர்.04 என்ற அல்ட்ராசானிக் சென்சார், இரண்டு வரி காட்டும் சிறிய திரை, மோட்டாருக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, குட்டி மோட்டார் ஒன்று. தொட்டிக்குப் பதிலாக மேசையில் ஒரு வாளி. அதன் மேல் ஒரு பட்டையில் சென்சார் கீழ்நோக்கிப் பார்க்கும். காதுக்குக் கேட்காத ஒலியை அது அனுப்பும், ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும், போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். அறை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குப் போய்வர 58 மைக்ரோ நொடி ஆகும். அதனால் நேரத்தை 58-ஆல் வகுத்தால் தூரம் வந்துவிடும்.

முதலில் எழுதிய பேச்சில் இந்தப் பாகங்களைத்தான் வரிசையாக அடுக்கியிருந்தேன். அது பேச்சாகவே இல்லை, கடைக்குக் கொடுக்கும் பட்டியல் மாதிரி இருந்தது. டெமோவுக்கு முந்தைய இரவு நடந்த ஒரு சம்பவம் அதை முழுக்க மாற்றியது.

வாளியின் அடியில் மூன்று செ.மீ. தண்ணீர்தான் இருந்தது. மோட்டார் ஓட வேண்டும், ஓடவில்லை. திரையில் 100 என்று நின்றது. சென்சார் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கணக்கிட்ட சதவீதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சென்சார் தரும் நேரத்தை அப்படியே கணினியில் அச்சிட்டுப் பார்த்தேன். சென்சாரை நேராக நிறுத்தினால் 1856, 1862, 1859 என்று ஒழுங்காக வந்தது. பட்டையைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்திருந்ததால் சென்சார் மறுபடி சாய்ந்தது, உடனே 0, 0, 0 என்று வரத் தொடங்கியது. தண்ணீர்ப் பரப்பு ஒலிக்குக் கண்ணாடி மாதிரி. சென்சார் சாய்ந்தால் எதிரொலி அதனிடம் திரும்பாமல் வேறு திசையில் போய்விடும். சென்சார் கெடவில்லை. தவறு என் நிரலில் இருந்தது:

```
long t = pulseIn(ECHO, HIGH, 30000);
int d = t / 58;
int p = (35 - d) * 100 / 25;
p = constrain(p, 0, 100);
```

வாளியின் அடி சென்சாரிலிருந்து 35 செ.மீ. தூரம், நிறைந்த மட்டம் 10 செ.மீ. தூரம். 35-க்கும் 10-க்கும் இடையே உள்ள 25 செ.மீ.-ஐத்தான் நூறு சதவீதமாகப் பிரித்திருந்தேன். முதல் வரியில் உள்ள கட்டளை 30,000 மைக்ரோ நொடிக்குள் எதிரொலி வந்து முடியவில்லை என்றால் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். என் நிரல் அந்தப் பூஜ்யத்தைத் தூரம் என்று எடுத்துக்கொண்டது. தூரம் பூஜ்யம் என்றால் தண்ணீர் சென்சாரையே தொட்டுவிட்டது என்று பொருள், கணக்குப்படி 140 சதவீதம். 140 என்று திரையில் வந்திருந்தால் முதல் நாளே விழித்திருப்பேன். கடைசி வரி அதை 100 ஆக வெட்டி, தவறை அழகாக மூடி வைத்துவிட்டது. அந்த வரியை, எண்கள் பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று நானே சேர்த்திருந்தேன்.

அன்று இரவே திருத்தினேன். ஒரே அளவை நம்பாமல் 60 மில்லி நொடி இடைவெளியில் ஐந்து முறை அளந்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டேன். ஓர் எதிரொலி தவறினாலும் இரண்டு தவறினாலும் நடு எண் சரியாகவே இருக்கும். மூன்று தவறினால்தான் நடு எண் பூஜ்யமாகும். அப்போது இது ஓடும்:

```
if (t == 0) {
  digitalWrite(PUMP, LOW);
  lcd.print("NO ECHO");
  return;
}
```

எதிரொலி இல்லாதபோது மோட்டார் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று நெடுநேரம் யோசித்தேன். ஓடினால் தொட்டி வழியலாம், நின்றால் தண்ணீர் ஏறாது. வழிவது யாரும் பார்க்காமலேயே நடந்துகொண்டிருக்கும். ஏறாமல் நின்றால் யாராவது உடனே வந்து திரையைப் பார்ப்பார்கள். அதனால் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன்.

இதைத்தான் மேடையில் காட்ட வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. முதலில் சென்சாரைச் சாய்த்துக் காட்ட நினைத்தேன். ஒத்திகையில் சில முறை சரியாக வந்தது, சில முறை ஒலி வாளியின் சுவரில் பட்டுத் திரும்பி ஏதோ ஒரு தூரத்தைக் காட்டியது. மூன்று நிமிடத்தில் அதை நம்பி இறங்க முடியாது. சென்சாருக்கு மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியைப் பிடுங்கினால் ஒவ்வொரு முறையும் பூஜ்யம்தான் வந்தது. கழன்ற கம்பி என்பது உண்மையிலேயே நேரக்கூடிய கோளாறும்கூட. பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் மாற ஒரு சிறு சுவிட்சும் வைத்துக்கொண்டேன். நான் பேசியது இது:

> ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.
>
> இந்த வாளியைப் பாருங்கள். பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. திரையில் 40 சதவீதம் என்று தெரிகிறது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் நிறைந்ததும் தானாக நிற்கும். மேலே இருக்கும் சென்சார் ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. கருவி இவ்வளவுதான். இது நான் தனியாகச் செய்த முதல் கருவி.
>
> இப்போது இதில் நான் செய்த தவறைக் காட்டுகிறேன். இந்தச் சுவிட்சைத் தள்ளினால் நேற்று வரை இருந்த என் பழைய கணக்கு ஓடும். சென்சாருக்கு மின்சாரம் செல்லும் இந்தச் சிவப்புக் கம்பியைப் பிடுங்குகிறேன். திரையைப் பாருங்கள். 100 சதவீதம் என்கிறது, மோட்டார் நின்றுவிட்டது. வாளியில் பாதித் தண்ணீர்கூட இல்லை, ஆனால் கருவி நிறைந்துவிட்டது என்கிறது.
>
> காரணம் இதுதான். எதிரொலி வராதபோது நிரலுக்குப் பூஜ்யம் கிடைக்கிறது. நான் அதைத் தூரம் பூஜ்யம் என்று படித்தேன். பதில் வரவில்லை என்பதற்கும், பதில் பூஜ்யம் என்பதற்கும் என் நிரலுக்கு வேறுபாடு தெரியவில்லை.
>
> சுவிட்சைத் திருப்புகிறேன். இப்போது எதிரொலி இல்லை என்று எழுதிக் காட்டுகிறது. மோட்டார் இப்போதும் நின்றுதான் இருக்கிறது, ஆனால் ஏன் நிற்கிறது என்று நமக்குத் தெரிகிறது. கம்பியை மீண்டும் செருகுகிறேன். அளவு திரும்பிவிட்டது, மோட்டார் மறுபடி ஓடுகிறது.
>
> இதை வாளியில் மட்டுமே சோதித்திருக்கிறேன், உண்மையான தொட்டியில் இன்னும் பொருத்தவில்லை. இந்தச் சென்சார் ஈரம் தாங்காது, மூடிய தொட்டியில் நீராவி படிந்தால் கெட்டுவிடும். அடுத்து ஈரம் தாங்கும் சென்சாரை வைத்துப் பார்க்கப் போகிறேன். அது தன் முகத்துக்கு மிக அருகில் இருப்பதை அளக்காது, சுமார் 20 செ.மீ.-க்கு மேல் இடைவெளி வேண்டும். அதற்குத் தக்கபடி அதை உயரத்தில் பொருத்த வேண்டும்.
>
> கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி.

கம்பியைப் பிடுங்கித் திரை மாறுவதற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. அந்தக் காத்திருப்பில் நான் எதுவும் பேசவில்லை. நாம் பேசினால் எல்லோரும் நம் முகத்தைப் பார்ப்பார்கள், திரையைப் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் கருவி வேறாக இருக்கும். உங்கள் பேச்சில் எதை வைப்பது என்று தேட, நான் செய்ததையே செய்து பாருங்கள்: திரையில் வரும் இறுதி எண்ணை விட்டுவிட்டு, சென்சார் தரும் மூல எண்ணை அச்சிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வரும் அளவு போன பிறகும் திரையில் நம்பும்படியான ஓர் எண் நின்றால், உங்கள் மூன்று நிமிடத்துக்கான விஷயம் அங்கே இருக்கிறது. பாகங்களின் பெயர்களை ஓர் அட்டையில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள்.

கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். என்னிடம் ஓர் ஆசிரியர், "வெயில் நேரத்தில் உன் 58 சரியாக இருக்குமா?" என்று கேட்டார். இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும். 35 டிகிரியில் நொடிக்குச் சுமார் 352 மீட்டர், அதாவது இரண்டரை சதவீதத்துக்குச் சற்று அதிகம். எதிரொலி சீக்கிரம் வருவதால் தண்ணீர் உள்ளதைவிட உயரமாகத் தெரியும். என் வாளியில் அந்தப் பிழை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சென்சாரிலிருந்து தண்ணீர் இரண்டு மீட்டர் கீழே இருக்கும் தொட்டியில் அது ஐந்து சென்டிமீட்டர் ஆகிவிடும், அங்கே ஒரு வெப்பமானியும் சேர்க்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன்.

அவர் தலையசைத்துவிட்டு, "அந்தச் சிவப்புக் கம்பியை இன்னொரு முறை பிடுங்கு, கிட்டத்திலிருந்து பார்க்கிறேன்" என்று மேசையருகே வந்தார்.