சமையலறைத் தரைக்கு செராமிக், விட்ரிஃபைடு, கல்: எது சரி?

எங்கள் சமையலறை 10க்கு 8 அடி. வழுக்கக்கூடாது, மஞ்சள் கறை பிடிக்கக்கூடாது, இடுக்கில் அழுக்கு சேரக்கூடாது. எந்த டைல் போடலாம்?

மேட் ஃபினிஷ் உள்ள கிளேஸ்டு விட்ரிஃபைடு, 2க்கு 2 அடி அளவில் போடுங்கள். விட்ரிஃபைடு 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. ஆனால் கண்ணாடிபோல் மின்னும் பாலிஷ் வகை வேண்டாம். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் கால் நிற்காது. பெட்டியில் R10 என்று இருந்தால் பிடிப்பு போதும். அதைவிடச் சொரசொரப்பானால் துடைப்பதே பெரும்பாடு.

செராமிக் விலை குறைவு. ஆனால் அம்மிக்குழவி விழுந்து மேல்பூச்சு பெயர்ந்தால் உள்ளிருக்கும் வேறு நிற மண் தெரியும், அந்த இடம் கறையை உறிஞ்சும். கல்லில் லெதர் ஃபினிஷ் கிரானைட் நல்லதுதான், சீலர் மட்டும் அவ்வப்போது பூச வேண்டும். மார்பிளை மறந்துவிடுங்கள்: எலுமிச்சையும் புளியும் அதன் பளபளப்பை அரித்துவிடும்.

உண்மையில் முதலில் கறுப்பது டைல் அல்ல, இடுக்குதான். உங்கள் அறைக்கு 1க்கு 1 அடி டைல் என்றால் இடுக்கின் மொத்த நீளம் 142 அடி. 2க்கு 2 என்றால் 62 அடிதான். 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து, சிமென்ட் கிரவுட்டுக்குப் பதில் எபாக்ஸி கிரவுட் நிரப்பச் சொல்லுங்கள். சிமென்ட் கிரவுட் மஞ்சள் கலந்த எண்ணெயைக் குடித்துவிடும். எபாக்ஸியை இறுகுவதற்குள் துடைக்காவிட்டால் டைல்மேல் மங்கலான படலம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கொத்தனார் சிறிது சிறிதாகக் கலக்கிறாரா என்று பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு மாதிரி டைலில் மஞ்சள் கலந்த எண்ணெயை இரவு முழுக்க விட்டு, காலையில் சோப்பு போட்டுத் துடையுங்கள். தடம் தெரிந்தால் வேறு டைல் பாருங்கள்.