டிரிபிள் ஏ பத்திரம் செல்லாக்காசானது எப்படி? அமெரிக்க வீட்டுக்கடன் சரிவு பற்றிய கேள்வி பதில்

திரும்பி வருமா என்றே தெரியாத கடன்களை வைத்து முதல்தரப் பத்திரம் எப்படிப் போட முடிந்தது? (கல்லூரி மாணவி, திருச்சி)

நஷ்டம் யார் தலையில் முதலில் விழும் என்று வரிசை கட்டிவிட்டால் முடியும். சில ஆயிரம் வீட்டுக்கடன்கள், மொத்தம் 100 கோடி டாலர் என்று வையுங்கள். வங்கி அவற்றை ஒரு தனி டிரஸ்டுக்கு விற்றுவிடும். டிரஸ்ட் அடுக்கடுக்காகப் பத்திரம் வெளியிடும். வசூலாகும் தவணையில் மேல் அடுக்குக்கு முதல் உரிமை. நஷ்டம் அடியிலிருந்து மேலே ஏறும். சப்பிரைம் என்றால் திருப்பிக் கட்டும் தகுதி குறைந்தவர்களுக்குக் கொடுத்த கடன். 2006 வாக்கில் வந்த சப்பிரைம் தொகுப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு, ரேட்டிங் நிறுவனங்கள் தரும் உச்ச முத்திரையான டிரிபிள் ஏ. கணக்குக்காக அடியில் 3 கோடி, அதன் மேல் 5 கோடிக்கு டிரிபிள் ஏ-யைவிடச் சில படி கீழான டிரிபிள் பி என்று வைப்போம். 3 கோடி போனால் அடி அடுக்கு காலி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 8 கோடி போனால் டிரிபிள் பி-யும் காலி. அதற்கும் உச்சிக்கும் நடுவில் 12 கோடிக்கு வேறு அடுக்குகள். 20 கோடி போகும்வரை உச்சியில் இருப்பவருக்கு ஒரு டாலர்கூடக் குறையாது. இதுவரை தில்லுமுல்லு எதுவும் இல்லை.

முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன். தகுதி பார்க்காமல் கடன் கொடுத்தார்கள், திரும்பவில்லை, மூழ்கினார்கள். இதற்கு மேல் என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற மேலாளர், ஈரோடு)

பாதி சரி சார். அது மட்டும்தான் என்றால் அடி அடுக்குக்காரர்கள் அழுதிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த டிரிபிள் பி அடுக்கை வாங்க ஆள் குறைவு. அதனால் நூறு தொகுப்புகளிலிருந்து தலா 1 கோடிக்கு டிரிபிள் பி எடுத்து, 100 கோடிக்குப் புதிதாக ஒரு தொகுப்பு கட்டினார்கள். அதுதான் சிடிஓ. அதையும் அடுக்காக வெட்டி, மேலே உள்ள பெரும்பங்குக்கு மறுபடி டிரிபிள் ஏ வாங்கினார்கள். நான் 70 கோடி என்றே எடுத்துக்கொள்கிறேன். நடப்பில் பெரும்பாலும் இதைவிட அதிகம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு மூலத் தொகுப்பிலும் 4.5 சதவீதம் நஷ்டம் என்றால், டிரிபிள் பி-யின் 5 கோடியில் 1.5 கோடி, அதாவது 30 சதவீதம் போகிறது. சிடிஓ-வின் கீழ் 30 கோடி அத்தனையும் அதற்கே சரியாகிவிட்டது. 5 சதவீதம் ஆனால் டிரிபிள் ஏ-க்காரர் 10 கோடி இழக்கிறார். 8 சதவீதத்தில் 70 கோடியும் பூஜ்யம். முதல் தொகுப்பின் டிரிபிள் ஏ அந்த நேரத்தில் கீறல்கூடப் படாமல் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே முத்திரை!

ஆனால் நூறு தொகுப்பும் ஒரே நேரத்தில் கெட வேண்டுமே? கலிஃபோர்னியாவும் ஒஹாயோவும் சேர்ந்து விழுமா? (அதே மாணவி)

விழாது என்றுதான் ரேட்டிங் நிறுவனங்களின் மாதிரிகள் நம்பின. நாடு முழுக்க வீட்டு விலை சேர்ந்து இறங்கியது 1930களுக்குப் பிறகு அவர்கள் தரவில் இல்லை. ஆனால் கடன்கள் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் 2 வருடம் குறைந்த வட்டி, மீதி 28 வருடம் ஏறி இறங்கும் வட்டி. வட்டி ஏறும்முன் வீட்டை மறுபடி அடமானம் வைத்துப் புதுக்கடன் வாங்கிவிடலாம் என்பதே ஏற்பாடு. வீட்டு விலை ஏறினால்தான் அது நடக்கும். 2006-க்குப் பிறகு விலை இறங்கியதும் எல்லா ஊரிலும் அந்த வழி ஒருசேர அடைபட்டது. இன்னொன்று, விலை இறங்கும்போது ஏலத்தில் கிடைப்பதும் குறையும். பத்தில் ஒருவர் தவணை நிறுத்தி, வீட்டை விற்றுப் பாதிக் கடன்தான் தேறியது என்றால், அதுவே 5 சதவீதம்.

என் வீட்டுக்கடனை வேறொரு வங்கிக்கு மாற்றிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. வீடு போய்விடுமா? (இல்லத்தரசி, தாம்பரம்)

போகாதும்மா. தவணை ஒழுங்காகக் கட்டுங்கள், போதும். நஷ்ட பயம் கடனை வாங்கியிருக்கும் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. வழக்கமாகப் பழைய நிறுவனமே தவணையை வசூலிக்கும். யாருக்குக் கட்டச் சொல்கிறார்கள், மூலப்பத்திரம் யார் கையில் இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன, தொகுப்பை மறுபடி தொகுக்கும் வேலையை ரிசர்வ் வங்கியின் விதிகள் அனுமதிப்பதில்லை.

கடன்கள் முழுதாகக் கெடும் முன்பே அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏஐஜி எப்படிச் சாய்ந்தது? (பங்குத் தரகர், கோவை)

சிடிஓ உச்சி அடுக்குகளுக்கு அவர்கள் காப்பீடு மாதிரி ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். அசல் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சந்தை விலை இறங்கினாலே ஈட்டுப் பணம் கொண்டுவா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். கேட்டார்கள். 2008 செப்டம்பரில் 8,500 கோடி டாலர் கடன் வசதியோடு அமெரிக்க மத்திய வங்கி கைகொடுத்தது.

முத்திரை குத்திய ரேட்டிங் நிறுவனங்களுக்குக் கூலி கொடுத்ததே பத்திரம் வெளியிட்டவர்கள்தானே. ரேட்டிங் போட்டவர்கள்தான் முதல் குற்றவாளி, ஒத்துக்கொள்ளுங்கள் சார். (ஓய்வுபெற்ற மேலாளர், ஈரோடு)

என் மனசும் அந்தப் பக்கம்தான் சார். ஆனால் விசாரித்தவர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையத்தின் 10 பேரில் 6 பேர்தான் 2011 அறிக்கையை ஏற்றார்கள். மற்ற நால்வர் மறுப்பு எழுதினார்கள். அதில் ஒருவர் அரசின் வீட்டுவசதிக் கொள்கைதான் மூலகாரணம் என்றார். அந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. சப்பிரைம் பத்திரங்களில் பெரும்பகுதியைக் கட்டியவை தனியார் நிறுவனங்கள். நீங்கள் வேறு மாதிரி பார்த்தால் எழுதுங்கள், பேசுவோம்.