கடைக் கணக்கிலிருந்து போகும் லைக்கும் கடையின் பேச்சுதான்

கேள்வி: கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் சிறிய கடை நடத்துகிறேன். இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் கடைக்கென்று பக்கம் வைத்து நானே எழுதுகிறேன். என் பேச்சு பிடித்துத்தான் பலர் வருகிறார்கள். போன வாரம் ஓர் அரசியல் தலைவரின் பதிவுக்குக் கைதவறிக் கடைக் கணக்கிலிருந்து லைக் போய்விட்டது. இரண்டு வாடிக்கையாளர்கள் "நீங்கள் அந்தக் கட்சியா?" என்று கேட்டுவிட்டார்கள். பண்டிகை வாழ்த்து போடவே இப்போது பயமாக இருக்கிறது. இனி விலைப்பட்டியல் மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விலைப்பட்டியல் மட்டும் போடும் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. உங்களுக்குச் சிக்கல் வந்தது நீங்கள் எழுதிய எதனாலும் அல்ல, ஒரு லைக்கினால். ஆகவே உங்கள் எழுத்தை மாற்ற வேண்டியதில்லை. கடைக் கணக்கைக் கையாளும் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் அந்த லைக்கை முடித்துவிடுவோம். இன்ஸ்டாகிராமில் உங்கள் பக்கத்தின் மெனுவைத் திறந்தால் Your activity என்று இருக்கும். அதற்குள் Likes என்ற பகுதியில் கடைக் கணக்கு இதுவரை லைக் போட்ட எல்லாமே வரிசையாகக் கிடைக்கும். பேஸ்புக்கில் அதன் பெயர் Activity log. ஒரு மாலை உட்கார்ந்து முழுவதையும் பாருங்கள். தலைவர்கள், கட்சிகள், மதச் சொற்பொழிவுகள், செய்தித் தளங்களில் சண்டை நடக்கும் பதிவுகள் எது இருந்தாலும் லைக்கை எடுத்துவிடுங்கள். கையோடு நீங்கள் பின்தொடரும் கணக்குகளின் பட்டியலையும் பாருங்கள். உங்கள் கணக்கு பொதுவில் இருப்பதால் அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், சிலர் பார்க்கவும் செய்கிறார்கள். கடைக் கணக்கு கடிகாரத் தயாரிப்பாளர்களையும், உதிரிபாகம் விற்பவர்களையும், உங்கள் தொழில்காரர்களையும் பின்தொடர்ந்தால் போதும்.

கேட்ட இருவருக்கும் தனிச்செய்தியில் பதில் சொல்லுங்கள்: "கைதவறிப் பட்டுவிட்டது, எடுத்துவிட்டேன். கடைக் கணக்கில் அரசியல் பேசுவதில்லை." அவ்வளவுதான். "நான் உண்மையில் அந்தப் பக்கம் இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை எழுதிய கணத்தில் நீங்கள் எதிர்ப்பக்கம் என்று ஆகிவிடும், அந்தச் செய்தியைப் படமெடுத்துப் பரப்பவும் வழி உண்டு. பொதுவில் மன்னிப்பும் தேவையில்லை. இருவர் கவனித்ததை எல்லோருக்கும் நீங்களே அறிவிக்க வேண்டாமே.

லைக் இல்லாமல் ஒரு கருத்தே போய்விட்டிருந்தால் கதை வேறு. 2012 அக்டோபரில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக ஒபாமாவும் ராம்னியும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதத்தின்போது, சமையலறைக் கருவிகள் தயாரிக்கும் கிச்சன்எய்ட் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கிலிருந்து ஒபாமாவின் மறைந்த பாட்டியைக் கிண்டல் செய்யும் ஒரு வரி வெளியானது. அந்தக் கணக்கைக் கையாண்ட ஊழியர் ஒருவர் தன் சொந்தக் கணக்கு என்று நினைத்து எழுதிவிட்டார். பதிவு உடனே நீக்கப்பட்டது. நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் பெயரிலேயே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பொதுவில் போன சொல்லுக்குப் பொதுவில்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் சுருக்கமாக. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த நிறுவனத்துக்கு அரசியல் பேசும் எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே கைப்பேசியில் இரண்டு கணக்குகள் இருந்தால் பெரிய நிறுவனத்துக்கும் இதுதான் நேரும்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. கடைக் கணக்குக்கு மட்டும் லைக் பொத்தானை அணைத்துவைக்கும் வசதி ஒன்றைத் தர இந்தத் தளங்களுக்கு இத்தனை ஆண்டுகளாக மனம் வரவில்லை. விளம்பரத்துக்குப் பணம் கட்டும் பொத்தான் மட்டும் ஒவ்வொரு பதிவின் கீழும் கண்ணைப் பறிக்கிறது. எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று காட்டும் படமோ விரல்நகம் அளவுக்கு மூலையில் கிடக்கிறது. ஆகவே நாமே வேலி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வேறொரு பழைய கைப்பேசி இருந்தால் கடைக் கணக்கை அதில் மட்டும் வையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கு அதில் நுழையவே கூடாது. வசதியில்லை என்றால், கடைக் கணக்கின் முகப்புப் படத்தை அடர்ந்த ஒரே நிறத்தில் வைத்து, மூலையைப் பார்த்ததும் கண்ணில் படும்படி செய்யுங்கள். கடைக் கணக்கில் இருக்கும்போது செய்தி ஓடையை உருட்டிக்கொண்டே போகாதீர்கள். பதிவு போடுங்கள், கருத்துகளுக்குப் பதில் சொல்லுங்கள், வெளியேறிவிடுங்கள். ஓய்வாகப் படிப்பதெல்லாம் சொந்தக் கணக்கில் இருக்கட்டும்.

இனி உங்கள் பேச்சுக்கு வருகிறேன். ஆளுமை என்றால் சர்ச்சை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் தொழிலிலேயே அழுத்தமாகச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. "30 மீட்டர் நீர்த்தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்பி நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள், கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் அது தாங்கும்" என்று எழுதுங்கள். தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டுவைத்து, அது கசிந்து இயந்திரத்தையே அரித்த கடிகாரத்தின் படத்தைப் போட்டு, உங்கள் ஆத்திரத்தைக் கொட்டுங்கள். பழைய கடிகாரத்தின் கூட்டைப் பளபளவென்று தேய்த்துக் கொடுக்கச் சொன்னால் ஏன் மறுக்கிறீர்கள், தேய்த்தால் அதன் கூரான விளிம்புகள் எப்படி மழுங்கிப்போகும் என்று வாதாடுங்கள். காந்தம் ஏறிய கடிகாரம் ஏன் வேகமாக ஓடுகிறது என்று விளக்குங்கள். இதில் உடன்படாதவர்கள் வந்து சண்டை போடட்டும், அது நல்ல சண்டை. உங்கள் கோபம், பிடிவாதம், சிரிப்பு எல்லாம் அதில் வெளியே வரும். எந்தக் கட்சிக்காரரும் எந்த மதத்தவரும் அதனால் கடையை விட்டுப் போகமாட்டார்.

போடலாமா கூடாதா என்று சந்தேகம் வரும் பதிவை ஒரே கேள்வியால் சோதியுங்கள்: இதை எழுத நான் கடிகாரக்காரனாக இருக்க வேண்டியது அவசியமா? அவசியமில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அது சொந்தக் கணக்குக்குரியது. அந்தச் சொந்தக் கணக்கிலும் காரசாரமாக அரசியல் பேசுபவர் நீங்கள் என்றால், அதன் அறிமுக வரியில் கடையின் பெயரைப் போடாதீர்கள்.

பண்டிகை விஷயத்தில் நடுநிலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டியல் எழுதி, உங்கள் வாடிக்கையாளர்கள் கொண்டாடும் எல்லா மதப் பண்டிகைகளுக்கும் ஒரே அளவில், ஒரே வடிவத்தில் வாழ்த்துவது ஒன்று. எதற்கும் வாழ்த்தாமல், கடை மூடியிருக்கும் நாளை மட்டும் அறிவிப்பது இன்னொன்று. ஒரு பண்டிகைக்கு ஒளிரும் காணொளியும் இன்னொன்றுக்கு ஒற்றை வரியும் போடுவதுதான் ஆபத்து. மக்கள் அளவை ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஒரே ஆள் நடத்தும் கடைக்கு இரண்டாவது வழியே நல்லது என்பேன். முதல் வழியில் ஏதாவது ஒன்றை மறந்தால், வேண்டுமென்றே விட்டதாக ஆகிவிடும்.

இதில்தான் இடைத்தரகர்கள் நுழைவார்கள். "ஆண்டு முழுவதும் வாழ்த்து அட்டை, உங்கள் கடைச் சின்னத்துடன், மாதம் இவ்வளவு" என்று கேட்டு வருவார்கள். ஒரே அட்டையில் நூறு கடைகளின் சின்னத்தை மாற்றி மாற்றி ஒட்டி அனுப்புகிறவர்கள் அவர்கள். அந்தத் தொகுப்பில் பண்டிகைகளோடு தலைவர்களின் பிறந்தநாளும் நினைவுநாளும் சேர்ந்தே வரும். தானியங்கியாக நேரம் குறித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் உங்கள் கடை யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கும். ஊரே துயரத்தில் இருக்கும் நாளில் வண்ணக் கொண்டாட்ட அட்டை போய் விழுவதும் இப்படித்தான். யாரிடம் பணி கொடுத்தாலும், உங்கள் கண்ணில் படாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பேஸ்புக் பக்கத்தில் அவருக்கு Full control கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த அனுமதி உள்ளவர் உங்களையே பக்கத்திலிருந்து நீக்க முடியும். நீக்கப்பட்டு, தன் பக்கத்தைத் திரும்பப் பெறத் தளத்துக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கும் கடைக்காரர்களை எனக்குத் தெரியும். அங்கே தொலைபேசி எடுக்க ஆள் இல்லை. வருவது எந்திரப் பதில் மட்டுமே. பதிவு போட மட்டும் அனுமதி கொடுத்தால் அவருடைய வேலைக்கு அது போதும்.

கருத்துப் பகுதியில் மற்றவர்கள் அரசியலைக் கொண்டுவந்தால் விவாதிக்காதீர்கள். "இங்கே கடிகாரம் மட்டும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, இரு தரப்பையும் ஒன்றாக மறையுங்கள். ஒருவரை மறைத்து இன்னொருவரை விட்டால் அதுவே நிலைப்பாடு ஆகிவிடும். பேஸ்புக்கில் மறைத்த கருத்து எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும் என்பது நினைவிருக்கட்டும். வசை என்றால் நீக்கியே விடுங்கள். இன்ஸ்டாகிராமில் Hidden Words என்ற பகுதியில் தடுக்க வேண்டிய சொற்களைச் சேர்க்கலாம். தமிழ் எழுத்தில் ஒருமுறை சேர்த்தால் போதாது. அதே சொல்லை மக்கள் ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அத்தனை வடிவங்களையும் சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அரசின் முடிவு ஒன்று உங்கள் வாடிக்கையாளரின் கையிலிருக்கும் ரசீதை நேராகத் தொடும்போது நீங்கள் பேசத்தான் வேண்டும். இறக்குமதியாகும் உதிரிபாகங்களுக்கு வரி உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மௌனமாக விலையை ஏற்றினால் நீங்கள் கொள்ளையடிப்பதாக நினைப்பார்கள். "இந்த அரசு நம்மை நசுக்குகிறது" என்று எழுதினால் கட்சிக்காரர் ஆகிவிடுவீர்கள். எழுத வேண்டியது இப்படி: "உதிரிபாகங்களின் மீதான இறக்குமதி வரி உயர்ந்துள்ளது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பாகம் மாற்றும் வேலைகளுக்கு மட்டும் கட்டணம் கூடும். ஏற்கெனவே கடையில் கொடுத்த கடிகாரங்களுக்குப் பழைய கட்டணமே. சுத்தம் செய்தல், பேட்டரி மாற்றுதல் ஆகியவற்றில் மாற்றமில்லை." என்ன மாறியது, யாருக்கு, எப்போதிருந்து என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்ற இரண்டும் இல்லை. வரி குறைந்தாலும் இதே அமைப்பில்தான் எழுத வேண்டும், நன்றி சொல்லி எந்தப் பெயரையும் சேர்க்காமல். உயர்ந்தபோது கடுகடுப்பாகவும் குறைந்தபோது குதூகலமாகவும் எழுதினால், இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒருவர் வந்துவிடுவார். யாராவது கீழே வந்து "இதற்குக் காரணம் யார் தெரியுமா?" என்று தொடங்கினால், எந்த வேலைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை மட்டும் திரும்பச் சொல்லுங்கள்.