லாரியை மாற்றும் முன் பெட்டியை அளந்து பாருங்கள்

கேள்வி: அம்பத்தூரில் மோட்டார் பம்புகளுக்கான பிளாஸ்டிக் விசிறி மூடி தயாரிக்கிறேன். கோவையில் உள்ள ஒரே வாடிக்கையாளருக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு 40 பெட்டிகள், பார்சல் சர்வீஸில் அனுப்புகிறேன். பெட்டி 12 கிலோதான். பில்லில் 27 கிலோ என்று போடுகிறார்கள். 17 அடி லாரிக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். வாரம் ஒரு முறை தனி லாரியே பிடித்துவிடலாமா? ஒரு பில்லின் நகலும் பெட்டியின் படமும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்களிடம் வாங்கும் 27 கிலோவுக்கான கட்டணத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. பார்சல் லாரியில் எடை தீர்வதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும் சரக்கு உங்களுடையது. அதனால் கன அளவை எடையாக மாற்றி, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். உங்கள் பெட்டி 60 × 45 × 45 செ.மீ. பெருக்கினால் 1,21,500. அதை 27,000 ஆல் வகுத்தால் 4.5 கன அடி. கன அடிக்கு 6 கிலோ என்று பெருக்கினால் 27 கிலோ. ஒரு கன அடி என்பது உண்மையில் 28,317 கன செ.மீ.; கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 27,000 ஆக எடுத்துக்கொள்வது இத்தொழிலின் வழக்கம். கன அடிக்கு எத்தனை கிலோ என்பதுதான் பேரம் பேசக்கூடிய இடம். 6 கிலோ போடுபவரும் இருக்கிறார்கள், 10 கிலோ போடுபவரும் இருக்கிறார்கள். உங்களுக்கு 6 என்றே போட்டிருக்கிறார்கள், அது நல்ல நிலைதான்.

இனி ஒரு முறைக்கான உங்கள் பில். 1,080 கிலோ, கிலோவுக்கு 6 ரூபாய் வீதம் 6,480. டீசல் கூடுதல் கட்டணம் 10 சதவீதம், 648. எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதுக்கான கட்டணம் 100. சரக்கு மதிப்பு 1,60,000 ரூபாய்க்கு ரிஸ்க் கட்டணம் 320. வாடிக்கையாளர் வாசலில் இறக்க 700. மொத்தம் 8,248, வாரத்துக்கு 24,744. ஜி.எஸ்.டி.யை விட்டுவிடுகிறேன். நீங்கள் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வதால் ஒப்பீட்டை அது மாற்றாது.

லாரிக்கு 18,000. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் உங்கள் தலையில் விழும். இரண்டும் சேர்த்து 2,000 என்று வைத்தால் 20,000. இத்தனை பெட்டிக்கு மேல் லாரி, அதற்குக் கீழே பார்சல் என்று ஒரு கோடு போட வேண்டும். பார்சலில் எல்.ஆரும் வாசல் டெலிவரியுமாக 800 ரூபாய் பெட்டி எண்ணிக்கையோடு மாறாத செலவு. மீதியைப் பெட்டிக்குப் பிரித்தால் 186 ரூபாய் வருகிறது. 20,000-இல் 800 போக 19,200. அதை 186 ஆல் வகுத்தால் 103. ஆகவே ஒரே நாளில் 104 பெட்டிகளோ அதற்கு மேலோ கிளம்பினால் 17 அடி லாரி மலிவு. உங்கள் 120 அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. வாரம் 4,700 ரூபாய் மிச்சம் என்று தெரிகிறது.

14 அடி லாரி போதாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். கன அடிக் கணக்கை நம்பாமல், பெட்டிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 14 அடி நீளம் 427 செ.மீ.; 60 செ.மீ. பக்கம் நீளவாக்கில் வைத்தால் 7 வரிசை. 6 அடி அகலத்தில் 4, 6 அடி உயரத்தில் 4. மொத்தம் 112 பெட்டிகள். எட்டுப் பெட்டி வெளியே நிற்கும். 7 அடி உயரமுள்ள 17 அடி வண்டியில் 8 வரிசை, 128 பெட்டிகள் அடங்கும்; உயரத்தில் ஐந்தாவது அடுக்கு ஏறாது. அகலத்தில் உங்களுக்கு 3 செ.மீ. மட்டுமே இடைவெளி மிஞ்சுவதால், உள்பக்கப் பலகைக்கும் பலகைக்கும் இடையே டேப் வைத்து அளந்த பிறகே வண்டியை உறுதி செய்யுங்கள். 6 அடி என்று சொல்லப்படும் எல்லா வண்டியும் உள்ளே 183 செ.மீ. இருப்பதில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் உங்கள் படத்தைப் பார்த்த பிறகு லாரிக் கேள்வியே எனக்கு இரண்டாவதாகிவிட்டது. பெட்டியில் 60 மூடிகள், அடுக்குக்கு 12 வீதம் ஐந்து அடுக்காக, ஒன்றின் வாய்மேல் இன்னொன்றின் முதுகு நிற்கும்படி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மூடிக்குள்ளும் வெறும் காற்று. நீங்கள் கட்டும் வாடகையில் பெரும்பகுதி அந்தக் காற்றுக்குத்தான் போகிறது. மூடிகள் விளிம்பு நோக்கிச் சற்று விரிந்திருப்பதால், டம்ளர்களை அடுக்குவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். இடையே மெல்லிய காகிதம் ஒன்று வைத்தால் கீறலும் விழாது. அப்படி அடுக்கினால் அதே பெட்டியில் 90 மூடிகள் வரை கொள்ளும். பெட்டி 18 கிலோ ஆகும். கட்டண எடை அதே 27 கிலோ. வாரத்துக்கு 7,200 மூடிகள் என்றால் 120 பெட்டிக்குப் பதில் 80 பெட்டிகள்.

இப்போது பார்சல் கணக்கைத் திரும்பப் போடுங்கள். மூன்று முறைகளாகவே அனுப்பினாலும் வாடகை 12,960, டீசல் 1,296, எல்.ஆர். 300, மதிப்பு மாறாததால் ரிஸ்க் 960, டெலிவரி 2,100. மொத்தம் 17,616. லாரி பிடிக்காமலேயே வாரம் 7,128 ரூபாய் குறைகிறது. லாரி மாற்றி மிச்சப்படுத்த நினைத்ததைவிட இது அதிகம். 80 பெட்டிகள் 14 அடி வண்டியில் தாராளமாக அடங்கும். அதற்கு 15,500 வாடகையும் 1,400 கூலியும் என்று வைத்தால் 16,900. இரண்டும் ஏறக்குறைய சமம். அடிப்பெட்டி மட்டும் பழைய 36 கிலோவுக்குப் பதில் 54 கிலோ தாங்க வேண்டும் என்பதால், ஐந்தடுக்கு அட்டைக்கு மாறுங்கள். முதல் வாரம் இரண்டே பெட்டிகளை இப்படி அடுக்கி அனுப்பி, மூடிகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்கின்றனவா என்று வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற லாரிக்குள் பிளாஸ்டிக் இறுகினால் பிரிக்கும் கூலி அவர் பக்கம் கூடிவிடும்.

விலை சமமாகும்போது சேதமும் நேரமும் முடிவு செய்யும். பார்சலில் உங்கள் பெட்டி குறைந்தது ஆறு முறை கை மாறுகிறது: உங்கள் வாசலில் ஏறி, சென்னைக் கோடவுனில் இறங்கி, பெரிய லாரியில் ஏறி, கோவைக் கோடவுனில் இறங்கி, டெலிவரி வண்டியில் ஏறி, கடைசியாக இறங்குகிறது. தனி லாரியில் இரண்டே முறை. பல ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய மின் பாகங்கள் காணவில்லை என்று ஒரு பார்சல் கோடவுனுக்குப் போய்த் தேடினேன். வார்ப்பிரும்பு வால்வு மூட்டைகளுக்கு அடியில் எங்கள் அட்டைப்பெட்டி பாய்போல் தட்டையாகிக் கிடந்தது. மேலே ஒட்டிய சிவப்புத் தாளில் 'கவனம்' என்ற எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது. அன்று இழப்பீடு கேட்கப் போனபோதுதான், எல்.ஆரின் பின்பக்கத்தை முதல் முறையாகப் படித்தேன்.

நீங்கள் இன்றே படியுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளும், சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பைக் கட்டிய வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்துகின்றன. கூடுதல் ரிஸ்க் கட்டணத்துக்கு நீங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால்தான் அந்த எல்லை தளரும். உங்கள் வாடகை 6,480. பத்து மடங்கு 64,800. ஆனால் சரக்கு 1,60,000 ரூபாய்க்கு. பில்லில் ரிஸ்க் கட்டணம் 320 இருப்பதாலேயே முழு மதிப்பும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், எல்.ஆரில் பொறுப்பு உரிமையாளருடையதா, போக்குவரத்து நிறுவனத்துடையதா என்று எப்படி எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். தவிர, வழக்குப் போடும் நிலை வந்தால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். பெட்டி குறைந்தாலோ நசுங்கியிருந்தாலோ, டெலிவரி ரசீதில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடும்படி உங்கள் கோவை வாடிக்கையாளரிடம் சொல்லிவையுங்கள். தனி லாரி என்றாலும் ஆண்டுக்கான போக்குவரத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். புரோக்கர் பிடித்துத் தரும் ஒற்றை வண்டி உரிமையாளரிடம் ஒரு வாரச் சரக்குக்கான 4,80,000 ரூபாய் இழப்பீடு வசூலிப்பது நடக்கிற காரியம் அல்ல.

நேரத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில், சுமார் 500 கிலோமீட்டர் உள்ள கோவைக்கு மூன்று நாள் செல்லும். தனி லாரிக்கு அது தாராளம். பார்சல் கோடவுனில் சரக்கு தங்கினால், வண்டி மாறும்போது வாகன எண்ணையும் மாற்ற வேண்டும். காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரைதான் இ-வே பில்லை நீட்டிக்க முடியும். அதே லாரியில் வேறொருவர் சரக்கின் ஆவணம் தவறாக இருந்தாலும் உங்கள் பெட்டிகளும் சேர்ந்து சாலையில் நிற்கும்.

வாரம் ஒரு முறை என்று போனால் பணம் முடங்குமே என்ற கவலை பலருக்கு உண்டு. சரக்கு சராசரியாக இரண்டேகால் நாள் கூடுதலாக உங்களிடம் காத்திருக்கும். 12 சதவீத வட்டியில் அது வாரத்துக்கு 400 ரூபாயைக்கூடத் தொடாது. உண்மையான கேள்வி, வாடிக்கையாளரின் லைனில் ஒரு வாரத்துக்கான மூடி இருக்க இடம் உண்டா, தவறினால் அவர் மோட்டார் வெளியேறாமல் நிற்குமா என்பதே. அவரிடம் கேட்காமல் வாரம் ஒரு லாரி என்று முடிவு செய்யாதீர்கள். எந்த நேரம் வரை இறக்குவார்கள் என்றும் கேளுங்கள். மாலையில் போய்ச் சேர்ந்த லாரி மறுநாள் காலை வரை நின்றால், காத்திருப்புக் கட்டணம் உங்கள் மிச்சத்தை விழுங்கிவிடும்.

என் யோசனை இதுதான். முதலில் அடுக்கும் முறையை மாற்றி, ஒரு மாதம் பார்சலிலேயே அனுப்புங்கள். அதற்குள் மாதவரம் பக்கமுள்ள இரண்டு லாரி புக்கிங் அலுவலகங்களில், சென்னையில் சரக்கை இறக்கிவிட்டுக் கோவைக்குத் திரும்பும் 14 அடி வண்டிக்கு விலை கேளுங்கள். டி.என். 37, 38, 66 எண் கொண்ட கோவை வண்டிகள் வெறுமனே திரும்புவதற்குப் பதிலாகக் குறைந்த வாடகைக்கு வர ஒப்புக்கொள்ளும். ஆனால் அவை கிளம்பும் நாளை அவைதான் முடிவு செய்யும். தீபாவளி, பொங்கலை ஒட்டி அந்த விலை நிற்காது. கிடைத்த விலையோடு கூலியைச் சேர்த்து, 800 கழித்து, 190 ஆல் வகுங்கள். புதிய அடுக்கில் ரிஸ்க் கட்டணம் 80 பெட்டிக்குள் பிரிவதால் பழைய 186 இப்போது 190 ஆகிவிட்டது. மேலே சொன்ன 16,900-க்கு விடை 85 பெட்டி. திரும்பும் வண்டி 13,000-க்குக் கிடைத்து, கூலியோடு 14,400 ஆனால் 72 பெட்டி. அந்த எண்ணைச் சரக்கு அனுப்பும் பகுதியில் பலகையில் எழுதிவையுங்கள். அதைத் தாண்டிய நாளில் லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள், தாண்டாத நாளில் பார்சல் வண்டி வரட்டும். டீசல் கூடுதல் கட்டணம் மாறும்போதெல்லாம் பலகையில் உள்ள எண்ணைத் திருத்துங்கள்.